இரண்டு மொனிட்டருக்கு ஒரு கமரா: கோல் விண்டோ எங்கே இருந்தால் கண் பார்த்துப் பேசுவதுபோல் தெரியும்?

மேசையில் இரண்டு மொனிட்டர் வைத்து வேலை செய்பவர்கள் வீடியோ கோலில் பேசும்போது, எதிரில் இருப்பவருக்கு இவர் பக்கத்தில் நிற்கும் வேறு யாரையோ பார்த்துப் பேசுவதுபோல் தெரியும். கமரா இடது மொனிட்டரின் தலையில், பேசுபவரின் முகம் வலது மொனிட்டரின் நடுவில் என்றால் வேறு எப்படித் தெரியும்? இதைத் திருத்த நினைக்கும் பலருக்கும் முதலில் வரும் யோசனை, இரண்டு மொனிட்டருக்கும் நடுவில் ஒரு ட்ரைபொட்டை நிறுத்தி, கமராவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவருவது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அளவுநாடா எடுத்துப் பார்த்தால், பெரும்பாலான மேசைகளில் அந்த ஏற்பாடு தோற்றுவிடும்.

காரணம், கமராவின் உயரமோ விலையோ அல்ல. நீங்கள் பார்க்கிற முகத்தின் கண்ணுக்கும் கமரா லென்சுக்கும் இடையில் எத்தனை பாகை விலகல் இருக்கிறது, அந்த விலகல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் முழு விஷயமும்.

பாகையைக் கணக்கிட ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் இடையில் 57 செ.மீ. இருந்தால், திரையில் 1 செ.மீ. என்பது கண்ணுக்கு ஏறத்தாழ 1 பாகை. ஒரு கை நீட்டுத் தூரம் கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும். ஆகவே கீழே வரும் கணக்குகளில் செ.மீ. எத்தனையோ பாகையும் அத்தனை என்று வைத்துக்கொள்ளலாம். கதிரையைப் பின்னுக்குத் தள்ளினால் பாகை குறையும்; முன்னுக்கு இழுத்தால் கூடும்.

திசைதான் அதைவிட முக்கியம். 2002ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மில்டன் சென் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் இன்றைக்கும் பயன்படுகிறது. ஒருவர் நம் கண்ணுக்குக் கீழே பார்ப்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இடம், வலம், மேல் ஆகிய பக்கங்களுக்குப் பார்வை விலகினால் உடனே பிடித்துவிடுகிறோம். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பத்து மடங்கு அளவிலானது என்கிறது அந்த ஆய்வு. மேசையில் இதன் அர்த்தம்: லென்ஸ் முகத்துக்கு நேர் மேலே 6 செ.மீ. உயரத்தில் இருந்தால், நீங்கள் கொஞ்சம் கீழே பார்ப்பதாகத்தான் படத்தில் வரும்; எதிரில் இருப்பவர் பெரும்பாலும் கண்டுகொள்ளமாட்டார். அதே 6 செ.மீ. பக்கவாட்டில் இருந்தால் கண்டுகொள்வார். கமராவை நடுவில் வைப்பதா, மூலையில் வைப்பதா, தொங்கவிடுவதா என்ற தெரிவெல்லாம் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம்

கல்லடியில் வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கும் ஒருவரின் மேசை என்று வைத்துக்கொள்வோம். நாலடி மேசை, அதாவது 122 செ.மீ. அகலம். அதில் 24 அங்குல மொனிட்டர் இரண்டு. ஒவ்வொன்றும் சட்டத்தோடு சேர்த்து ஏறத்தாழ 54 செ.மீ. அகலம், திரை 30 செ.மீ. உயரம். இரண்டையும் ஒட்டி வைத்தால் 108 செ.மீ. போக, ஓரத்தில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கத்தான் இடம் மிஞ்சும். விளிம்புச் சட்டம் பக்கத்துக்கு 1 செ.மீ. கோல் விண்டோவில் தெரியும் படம் 16 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். அந்தப் படத்தில் பேசுபவரின் கண் சாதாரணமாக மேலிருந்து 3 செ.மீ. கீழே இருக்கும். இந்த அளவுகளையே எல்லா ஏற்பாட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

நடுவில் ட்ரைபொட்

ட்ரைபொட்டின் தண்டு நுழைய இரண்டு மொனிட்டருக்கும் இடையில் 4 செ.மீ. இடைவெளி விடவேண்டும். கோல் விண்டோவை வலது மொனிட்டரின் உள் ஓரத்தோடு ஒட்டி வைத்தாலும், லென்ஸிலிருந்து முகத்தின் நடுவுக்கு இடைவெளியின் பாதி 2, சட்டம் 1, விண்டோவின் பாதி 8 என்று 11 செ.மீ. வந்துவிடும். 11 பாகை, அதுவும் முழுக்கப் பக்கவாட்டில். விண்டோவை 10 செ.மீ. அகலத்துக்குச் சுருக்கினால் 8 பாகையாகக் குறையும். ஆனால் அந்த அளவில் முகம் ஒரு பாஸ்போட் படத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது, பேசுபவரின் முகபாவம் தெரியாது. கமராவின் உடல் 9 செ.மீ. போல அகலம் என்பதால், இரண்டு திரையிலும் உள் ஓரத்தில் கொஞ்சம் மறைக்கவும் செய்யும்.

இன்னொன்றும் நடக்கும். கமரா கண் மட்டத்தில் இருப்பதால் பக்கவாட்டு விலகல் இன்னும் துலக்கமாகத் தெரியும். மேலிருந்து பார்க்கும் கமராவில் கண்ணிமை கொஞ்சம் தாழ்ந்து கண்ணின் வெள்ளையை மறைக்கும். நேர் மட்டத்தில் அந்த மறைப்பு இல்லை. கருவிழி ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பது அப்படியே தெரியும்.

இந்த ஏற்பாட்டை முழுதாகத் தள்ளவும் முடியாது. ஒரு திரையில் பாடக் குறிப்பு, மறு திரையில் பிள்ளைகளின் முகங்கள் என்று ஒன்லைன் வகுப்பு எடுப்பவர் இரண்டு பக்கமும் சம அளவில் திரும்பிக்கொண்டே இருப்பார். கமரா நடுவில் இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் முக்கால் முகமாவது தெரியும். காது மட்டும் தெரியும் நிலை வராது. நேர்முகத் தேர்வில் லென்ஸையே பார்த்துப் பதில் சொல்லப் பழகியவருக்கும் இது ஒத்துவரும். முகம் பார்த்துப் பேச விரும்புபவருக்கு ஒத்துவராது.

பொருத்துக்கு மேலே

இடைவெளியை மூடி, இரண்டு மொனிட்டரும் சேரும் பொருத்துக்கு நேர் மேலே கமராவை வைப்பது அடுத்த யோசனை. பக்கவாட்டு விலகல் சட்டம் 1, அரை விண்டோ 8 என்று 9 ஆகக் குறைகிறது. உயரத்தில் லென்ஸ் திரைக்கு மேல் 3, விண்டோவின் தலைப்புப் பட்டை 1, கண் 3 என்று 7 செ.மீ. சேர்கிறது. கீழ்நோக்கிய 7 பாகையை மன்னிக்கலாம். பக்கவாட்டு 9 பாகை மன்னிக்கப்படாது. சிலர் விண்டோவை இரண்டு திரைக்கும் குறுக்கே இழுத்து நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். சட்டம் இரண்டும் பேசுபவரின் மூக்கின் மேல் விழும், ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

உள் மூலை

பொருத்துக்கு மேலிருந்த அதே கமராவை 9 செ.மீ. வலது பக்கம் நகர்த்தினால் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அதாவது வலது மொனிட்டரின் திரை தொடங்கும் உள் ஓரத்திலிருந்து 8 செ.மீ. தள்ளிக் கமராவைக் கொளுவி, 16 செ.மீ. விண்டோவை அந்த மேல் மூலையில் இடுக்கிவிடவேண்டும். முகத்தின் நடு லென்ஸுக்கு நேர் கீழே வந்துவிடும். பக்கவாட்டு விலகல் பூச்சியம்; மிச்சம் இருப்பது கீழ்நோக்கிய 7 பாகை மட்டும். கதிரையை 70 செ.மீ. தூரத்துக்குத் தள்ளினால் அது 6 பாகைக்கும் கீழே இறங்கும். பெரும்பாலானோர் இதைத்தான் தெரிவுசெய்யவேண்டும்.

ஏன் வலது மொனிட்டரின் நடுவில் வைக்காமல் உள் மூலை? நடுவில் வைத்தாலும் முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே இதே 7 பாகைதான். ஆனால் அப்போது உடம்பு வலது மொனிட்டரை நோக்கி இருக்கும். இடது மொனிட்டரின் நடு 54 செ.மீ. அப்பால் போய்விடும். அதில் ஒரு கணக்குத் தாளைப் பார்க்க 40 பாகைக்கு மேல் தலை திருப்பவேண்டும், எதிரில் இருப்பவருக்குக் கன்னம்தான் தெரியும். உள் மூலையில் கமரா பொருத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், உடம்பு மேசையின் நடுவையே நோக்கியிருக்கும். இடது திரையின் உள் ஓரத்தில் 15 செ.மீ. அகலத்தில் குறிப்புகளை வைத்துக்கொண்டால், அவற்றைப் பார்ப்பது 17, 18 பாகைத் திருப்பம்தான். குறிப்பைப் பார்க்கிறார் என்று விளங்கும், வேறு வேலை செய்கிறார் என்று தோன்றாது.

வைக்கும் முறை இப்படி. முதலில் கதிரையை அதன் வழக்கமான இடத்தில் போட்டு இருந்துகொண்டு, மூக்கின் மேல் தண்டிலிருந்து திரைக்கு எத்தனை செ.மீ. என்று அளவுநாடாவால் பாருங்கள். கண் மட்டம் திரையின் மேல் விளிம்போடு ஏறத்தாழ ஒத்திருக்கவேண்டும். திரை உயர்ந்திருந்தால் ஸ்டாண்டை இறக்குங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் நெற்றிக்கு மேலிருந்து குனிந்து பார்க்கும். பிறகு கமராவை உள் ஓரத்திலிருந்து 8 செ.மீ. தள்ளிக் கொளுவுங்கள். கடைசியாகக் கதிரையை நகர்த்தி, மூக்கு லென்ஸுக்கு நேராக வரும் இடத்தைப் பிடித்து, நிலத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கதிரை 10 செ.மீ. விலகினாலே உடம்பு ஒரு பக்கமும் கண் இன்னொரு பக்கமுமாகப் போய்விடும்.

மொனிட்டர்கள் இரண்டையும் உங்களை நோக்கி மடித்து வைத்திருந்தால் ஒரு சிக்கல் வரும். வலது மொனிட்டர் 15 பாகை திரும்பியிருக்க, அதன் மேல் கொளுவிய கமராவும் அதே அளவு திரும்பும்; படத்தில் நீங்கள் நடுவில் இல்லாமல் ஓரத்தில் நிற்பீர்கள். லொஜிடெக் சி920 போன்றவை மேலும் கீழும் சரியும், இடம் வலமாகத் திரும்பா. அவற்றின் அடியில் கால் அங்குல ட்ரைபொட் மரை இருக்கிறது. ஒரு சிறிய பந்துத் தலை ஸ்டாண்டைப் பூட்டினால் திருப்பிக்கொள்ளலாம். மலிவான கமராக்கள் பலவற்றில் மரை இல்லை, வாங்கும் முன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு: கமராவைச் சரிப்பதாலும் திருப்புவதாலும் நீங்கள் சட்டகத்தில் எங்கே தெரிகிறீர்கள் என்பது மட்டும்தான் மாறும். பார்வைத் திசை ஒரு மயிரிழையும் மாறாது. அதை மாற்ற லென்ஸின் இடமோ விண்டோவின் இடமோ மாறவேண்டும்.

திரைக்கு முன்னால் தொங்கவிடுவது

7 பாகையும் கூட என்று நினைப்பவருக்கு, உதாரணமாக நாளெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசும் ஆலோசனை வேலை செய்பவருக்கு, ஒரு படி மேலான ஏற்பாடு இருக்கிறது. ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் வளையும் கைத் தாங்கியை மொனிட்டருக்குப் பின்னாலிருந்து மேலே கொண்டுவந்து, கமராவைத் தலைகீழாகத் தொங்கவிடவேண்டும், லென்ஸ் திரையின் மேல் விளிம்புக்கு 1 செ.மீ. கீழே வருமாறு. உள் மூலையில் இருந்த அதே இடம்தான். அப்போது கமராவின் உடல் மறைப்பது விண்டோவின் தலைப்புப் பட்டையையும் பேசுபவரின் தலைமயிரையும் மட்டும். கண் லென்ஸுக்கு 3 செ.மீ. கீழே இருக்கும். 3 பாகை என்பது நேருக்கு நேர் பார்ப்பதிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு.

படம் தலைகீழாக வரும். சூமில் வீடியோ செட்டிங்கில் உங்கள் படத்தின் மேல் மவுஸை வைத்தால் வரும் `Rotate 90°` என்பதை இரண்டு தரம் அழுத்தினால் நிமிர்ந்துவிடும். கூகுள் மீற்றை பிரவுசரில் பாவிப்பவருக்கு அந்த வசதி இல்லை. கமராவை நிமிர்த்தியே தொங்கவிட வழி பார்க்கவேண்டும், அப்போது லென்ஸ் கொஞ்சம் இறங்கி நெற்றியை மறைக்கத் தொடங்கும். அதைவிடத் தொந்தரவானது நடுக்கம். தாங்கியை அதே மேசையில் பூட்டினால் கீபோட்டில் தட்டும் ஒவ்வொரு தட்டும் படத்தில் அதிரும். மேசைக்குப் பின்னால் உள்ள சுவரில் பூட்டினால் நிற்கும். கல்லடி, காத்தான்குடி போன்ற கடற்கரைப் பக்க வீடுகளில் சாதாரண இரும்பு ஸ்குரூ உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் துருவேறி இறுகிவிடும், பிறகு தாங்கியை ஒரு அங்குலம் நகர்த்தவும் எண்ணெய் விட்டு மல்லுக்கட்டவேண்டும். துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூ கேட்டு வாங்குங்கள். இரட்டைப் பக்க டேப்பை நம்பவேண்டாம். நம் சூட்டில் பசை இளகி, கமரா மெல்ல மெல்லத் தாழும்.

விண்டோ தன் பாட்டுக்கு ஓடிவிடுவது

கமராவைச் சரியாகக் கொளுவிய பிறகும் ஏற்பாடு குலைவது பெரும்பாலும் மென்பொருளால்தான். சூமில் `Use dual monitors` என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தால், முகங்கள் ஒரு திரையிலும் பகிர்ந்த ஆவணம் மறு திரையிலும் முழுத் திரைக்கு விரியும். வலது திரையில் முகம் முழுத் திரையாக வந்தால், அதன் நடு லென்ஸிலிருந்து 18 செ.மீ. வலது பக்கம் போய்விடுகிறது. இரண்டு மொனிட்டர் வைத்திருப்பவருக்கென்றே வந்த வசதி, நம் நோக்கத்துக்கு நேர் எதிரி. அதை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் திரையைப் பகிரத் தொடங்கியதும் கோல் விண்டோ மறைந்து, முகங்கள் ஒரு சிறிய மிதக்கும் பெட்டியாகி, வேறொரு மூலையில் போய் நிற்கும். பகிர்ந்த உடனேயே அதை இழுத்து லென்ஸுக்குக் கீழே கொண்டுவரும் பழக்கம் வேண்டும். விண்டோ மற்றத் திரைக்கே போய்விட்டால் விண்டோஸில் `Win + Shift + →` அல்லது `Win + Shift + ←` அதைத் திருப்பிக் கொண்டுவரும்.

மூன்று நாலு பேர் பேசும் கூட்டத்தில் கட்டம் கட்டமாக முகங்கள் தெரிந்தால், பேசுபவர் மாற மாறக் கண்ணும் இடம் வலமாக ஓடும். முக்கியமானவரின் படத்தை `Pin` செய்யுங்கள். அது உங்கள் திரையில் மட்டும்தான் மாறும், மற்றவர்களுக்குத் தெரியாது. மிதக்கும் பெட்டியில் பலர் தெரியவேண்டுமானால் முகங்களை நெடுக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள், குறுக்கு வரிசை வேண்டாம். கீழ்நோக்கிய விலகல் மலிவு என்று மேலே கண்டோமே, அதுதான் காரணம். பத்துப் பேர் இருக்கும் கூட்டத்தில் இந்தப் பாடெல்லாம் பட அவசியமில்லை. அங்கே யாரும் யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை.

உங்கள் சொந்தப் படத்தை `Hide Self View` கொடுத்து மறைத்துவிடுங்கள். அது திரையின் எந்த மூலையில் இருந்தாலும் கண் அங்கே போகாமல் இருக்காது.

வெளிச்சம் பற்றிச் சுருக்கமாக. லண்டனோடு பேசுபவருக்கு அங்கே காலை ஒன்பது மணி இங்கே பிற்பகல். ரொறன்ரோவோடு பேசுபவருக்கு இங்கே இருட்டிவிடும். இருட்டில் இரண்டு மொனிட்டரின் வெளிச்சம்தான் முகத்துக்கு வெளிச்சம். கண்ணாடி போட்டவரின் கண்ணாடியில் இரண்டு வெள்ளைச் சதுரங்கள் பளிச்சிட்டு, கண் முழுவதையும் மூடிவிடும். பிறகு பாகைக் கணக்கால் ஆவது ஒன்றுமில்லை. மொனிட்டர்களின் பிரகாசத்தைக் குறைத்து, வெள்ளைப் பக்கங்களை மூடி, திரைக்கு மேலே உயரத்தில் பக்கவாட்டாக ஒரு விளக்கை வையுங்கள். காலையில் பேசுபவர் கடல் பக்க யன்னலுக்கு முதுகைக் கொடுத்து இருக்கவேண்டாம், முகம் கறுத்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

கோல் நடக்கும்போது உங்கள் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதைப் பார்க்கும்போது நீங்கள் அதைத்தான் பார்க்கிறீர்கள். மேலும் அது கண்ணாடி போல இடம் வலம் மாறித் தெரியும். பேசுபவரின் முகம் வரும் இடத்தில் அதே 16 செ.மீ. அளவில் யாருடையதாவது ஒரு படத்தைத் திறந்து வைத்து, கமரா செயலியில் பத்து விநாடி பதிவு செய்து, அந்தப் படத்தின் கண்ணைப் பார்த்தபடி நாலு வசனம் பேசுங்கள். பிறகு பதிவைப் போனில் போட்டு, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

ஒரு கண்ணை மட்டும் உற்றுக் கவனியுங்கள். கருவிழியின் இரண்டு பக்கமும் வெள்ளை சமமாகத் தெரிந்தால் பக்கவாட்டு விலகல் இல்லை. ஒரு பக்கம் வெள்ளை அதிகமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால், கமராவை அல்லது விண்டோவை அரை அரைச் செ.மீ. ஆக நகர்த்தி மறுபடி பதியுங்கள். மேல் கீழ் எதையும் தொடவேண்டாம். வெள்ளை சமமாக இருந்தும் மேலிமை கருவிழியின் பாதியை மூடி, தூங்கி வழிவதுபோல் தெரிந்தால், உயரம்தான் கூட. முதலில் விண்டோவைத் திரையின் மேல் விளிம்போடு இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். போதாவிட்டால் கதிரையை 10 செ.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள். அதற்குப் பிறகும் போதாவிட்டால்தான் தொங்கவிடும் தாங்கிக்குச் செலவு செய்யலாம். கண் இரண்டும் சரியாக இருந்து மூக்கு மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், நிலத்தில் ஒட்டிய டேப்பிலிருந்து கதிரை விலகியிருக்கும்.